மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டும் தைராய்டு ஏன் அடங்கவில்லை?

வாசகி கேள்வி

எனக்கு வயது 31. ஈரோடு மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். படபடப்பு, கைநடுக்கம், ஆறு கிலோ எடைக் குறைவு என்று போய்ப் பார்த்ததில் கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு மிகைச் சுரப்பு என்றார்கள். தினமும் கார்பிமசோல் 30 மி.கி., படபடப்புக்கு ப்ரொப்ரனலால் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டும் ஃப்ரீ டி4 அளவு 4.8-லிருந்து 4.1-க்குத்தான் வந்திருக்கிறது, டி.எஸ்.எச். அசையவே இல்லை. மாத்திரை எனக்கு வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், சித்தி ஆன்லைனில் வாங்கித் தந்த லூகால் அயோடின் சொட்டு தினமும் மூன்று சொட்டு குடித்தேன். முதல் வாரம் நன்றாகக் குறைந்தது, பிறகு பழையபடி ஏறிவிட்டது. அதை மறுபடி தொடங்கலாமா? இல்லை, அயோடின்தானே ஹார்மோன் ஆகிறது என்று உப்பை மாற்றிவிட்டு, முட்டைகோஸ் நிறையச் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாமா? திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தோம்.

மருத்துவர் பதில்

அன்புள்ள சகோதரி,

சொட்டு மருந்தைப் பற்றி மறைக்காமல் எழுதியது நல்லதாயிற்று. உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கழுத்தில் உள்ள அந்தச் சுரப்பிக்குள் ஹார்மோன் எந்த வரிசையில் உருவாகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நீங்கள் குறிப்பிட்டுள்ள மாத்திரை, சொட்டு, உப்பு, முட்டைகோஸ் ஆகிய நான்கும் அந்த வரிசையில் வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன. எல்லாமே 'தைராய்டைக் குறைப்பவை' என்று ஒரே கணக்கில் வைத்ததால்தான் குழப்பம் வந்திருக்கிறது.

நுண்ணறைக்குள் நடப்பது

தைராய்டு சுரப்பி, கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளால் ஆனது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு நுண்ணறை. அதன் சுவர் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. நடுவே கூழ் போன்ற பொருள் நிறைந்திருக்கும். அந்தக் கூழின் பெரும்பகுதி, செல்களே செய்து உள்ளே கொட்டிய தைரோகுளோபுலின் என்னும் மிகப் பெரிய புரதமாகும். ஹார்மோன் இந்தப் புரதத்தின் உடம்பிலேயே, அதன் ஒரு பகுதியாக உருவாகிறது.

முதல் வேலை அயோடைடைச் சேர்ப்பது. செல்லின் இரத்தப் பக்கத்துச் சுவரில் உள்ள சோடியம்-அயோடைடு கடத்தி, இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே பாயும் விசையைக் கொண்டு ஓர் அயோடைடையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. இரத்தத்தில் இருப்பதைப் போல் இருபது, முப்பது மடங்கு அயோடைடு செல்லுக்குள் சேர்வது இதனால்தான். அங்கிருந்து அது எதிர்ப் பக்கத்துச் சுவரிலுள்ள பென்ட்ரின் முதலிய வழிகளில் கூழின் விளிம்புக்குச் செல்கிறது.

அந்த விளிம்பில்தான் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. பக்கத்திலேயே மற்றொரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரித்துக் கொடுக்க, அதைக் கொண்டு பெராக்சிடேஸ் அயோடைடை வினைபுரியும் நிலைக்கு மாற்றி, தைரோகுளோபுலினில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலங்களின் மீது ஏற்றுகிறது. ஓர் அயோடின் ஏறினால் மோனோ-அயோடோடைரோசின், இரண்டு ஏறினால் டை-அயோடோடைரோசின். இவை இன்னும் ஹார்மோன் அல்ல. அதே நொதி அடுத்து இணைப்பு வேலையைச் செய்கிறது: ஓர் அயோடோடைரோசினின் வளையம் கழன்று, புரதம் மடிந்திருக்கும் வாகில் அருகே நிற்கும் மற்றொன்றின் மீது ஆக்சிஜன் வழியாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டு 'டை' இணைந்தால் நான்கு அயோடின் கொண்ட டி4. ஒரு 'மோனோ'வும் ஒரு 'டை'யும் இணைந்தால் டி3. நூற்றுக்கு மேற்பட்ட டைரோசின்கள் கொண்ட இவ்வளவு பெரிய புரதத்தில் கடைசியில் டி4 ஆக முடிபவை ஒரு சில இணைகள் மட்டுமே.

இப்படி உருவான டி4 உடனே இரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. புரதத்தோடு ஒட்டியபடியே கூழில் தங்கியிருக்கிறது. தேவைப்படும்போது செல்கள் கூழைச் சிறு துளிகளாக விழுங்கி, புரதத்தை அரைத்து, டி4, டி3 ஆகியவற்றை விடுவித்து இரத்தத்துக்கு அனுப்புகின்றன. இணையாமல் மிஞ்சிய அயோடோடைரோசின்களிலிருந்து அயோடினை உரித்தெடுத்து மீண்டும் உற்பத்திக்கே திருப்பிவிடுகின்றன. வேறு எந்த நாளமில்லாச் சுரப்பியும் தன் சரக்கை இந்த அளவுக்கு முன்கூட்டியே செய்து, செல்லுக்கு வெளியே சேர்த்து வைப்பதில்லை. நலமான ஒருவரின் தைராய்டில் ஏறத்தாழ 5,000 மைக்ரோகிராம் டி4 இருப்பில் இருக்கும்; ஒரு நாளைக்கு வெளியே போவது 80 முதல் 100 மைக்ரோகிராம். இன்றைக்கே உற்பத்தி முற்றிலும் நின்றாலும் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குச் சரக்கு இருக்கிறது என்று பொருள்.

உங்கள் மாத்திரை எங்கே நிற்கிறது?

கார்பிமசோல் உடலுக்குள் மெத்திமசோலாக மாறி, நுண்ணறைச் செல்களில் சேர்ந்து, பெராக்சிடேஸ் நொதியிடம் செல்கிறது. டைரோசின் மீது ஏற வேண்டிய அயோடினைத் தானே வாங்கிக்கொண்டு திசைதிருப்பிவிடுகிறது. அயோடின் ஏற்றம், இணைப்பு ஆகிய இரண்டையும் அது தடுக்கிறது. இரண்டில் இணைப்புதான் எளிதில் நின்றுபோவது. அயோடைடு உள்ளே வருவதை அது தடுப்பதில்லை. ஏற்கெனவே உருவாகிக் கூழில் கிடக்கும் ஹார்மோன் வெளியேறுவதையும் தடுப்பதில்லை. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டி4-ஐ அழிப்பதும் இல்லை. புது நெல் வராமல் தடுக்கிறதே தவிர, குதிரில் இருக்கும் நெல்லை அது தொடுவதில்லை.

இதை உங்கள் எண்களிலேயே பார்க்கலாம். இரத்தத்தில் டி4-இன் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம்; மிகைச் சுரப்பில் அதைவிடவும் குறைவு. மாத்திரை தொடங்கிய அன்றே சுரப்பி உற்பத்தியையும் வெளியீட்டையும் சேர்த்து நிறுத்தியிருந்தால், மூன்று வாரத்தில் 4.8 என்பது அதில் எட்டில் ஒரு பங்காக, அதாவது 0.6 ஆக இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு 4.1 இருக்கிறது. அந்த இடைவெளி முழுவதும் இருப்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும் பழைய ஹார்மோன். மாத்திரை வேலை செய்யவில்லை என்பதற்கு இது சான்றாகாது. மாத்திரை தொடாத இடத்திலிருந்து சரக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதற்கே சான்று.

கிரேவ்ஸ் நோயில் சுரப்பி வேகமாக வெளியேற்றுவதால் இருப்பு இரண்டு மாதத்துக்கு முன்பே தீர்ந்துவிடுவதுதான் வழக்கம். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் பெரும்பாலானோருக்கு டி4 இயல்புக்கு வந்துவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் பலருக்கு உங்களைவிட நல்ல சரிவு தெரியும் என்பதும் உண்மை. உங்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்குத்தான் அந்தச் சொட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீண்ட நாள் அடங்கிக்கிடந்த பிட்யூட்டரி, டி4 இயல்பான பின்னும் விழித்தெழப் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளும். தொடக்க மாதங்களில் டி.எஸ்.எச்.-ஐப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டுவது தவறு.

அயோடின் சொட்டு செய்த வேலை

5 விழுக்காட்டு லூகால் கரைசலில் ஒரு சொட்டுக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயோடின் இருக்கும். மூன்று சொட்டுக்கு 18 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம்தான். நீங்கள் குடித்தது அதைப் போல் நூற்றிருபது மடங்கு. இவ்வளவு அயோடின் ஒரே நேரத்தில் வந்தால் சுரப்பி திகைத்துப்போகிறது. கூழிலிருந்து ஹார்மோன் வெளியேறுவது சில நாட்களுக்குள் குறைகிறது. அயோடின் ஏற்றமும் தற்காலிகமாக நிற்கிறது. 1948-இல் வுல்ஃப், சைகாஃப் ஆகியோர் எலிகளில் கண்டறிந்த இந்த இரண்டாவது விளைவு இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. முதல் வாரம் உங்கள் படபடப்பு குறைந்தது கற்பனையல்ல. அது மருந்தியல் விளைவுதான்.

ஆனால் அது நிலைக்காது. சில நாட்களில் செல்கள் தம் அயோடைடு கடத்திகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன, செல்லுக்குள் அயோடைடு இறங்குகிறது, தடை விலகுகிறது, உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. கிரேவ்ஸ் நோயில் சுரப்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் ஓயாமல் விரட்டிக்கொண்டே இருப்பதால், இந்த முறை ஏராளமான மூலப்பொருளோடு தொடங்குகிறது. இரண்டாவது வாரத்தில் நீங்கள் உணர்ந்தது இதைத்தான். நீங்கள் மாத்திரையைக் கையில் எடுத்தபோது குதிர் நிரம்பியிருந்தது. போதாததற்கு, அயோடின் மிகுந்த சுரப்பியில் கார்பிமசோலின் பிடியும் சற்றுத் தளர்வாகவே இருக்கும். மூன்று வாரத்தில் 4.8 என்பது 4.1 ஆனதற்கு என் கணிப்பில் முதன்மையான காரணம் இதுவே.

ஆகவே சொட்டை மறுபடி தொடங்காதீர்கள். சித்தி மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சொட்டு தைராய்டுக்கு மருந்தாகப் பயன்பட்டது என்பது வரலாற்று உண்மையே. 1923-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிளம்மர், அறுவை சிகிச்சைக்கு முன் சில நாட்கள் மட்டும் கொடுக்கும் வழக்கத்தை நிலைநாட்டினார். இன்றும் அறுவைக்கு முந்தைய ஒரு வாரம், பத்து நாள் கொடுக்கிறோம். அங்கும் கார்பிமசோலால் உற்பத்தியை அடக்கிய பிறகுதான். தடை விலகும் முன் சுரப்பியே வெளியே எடுக்கப்பட்டுவிடும் என்பதால்தான் அங்கே அது பயன்படுகிறது.

உங்களுக்கு அண்மையில் மாறுபடுபொருள் ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தாலோ, கடற்பாசி மாத்திரைகள் எதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் அயோடின்தான்.

உப்பும் முட்டைகோஸும்

அயோடின் இல்லாவிட்டால் ஹார்மோன் இல்லை என்று நீங்கள் எண்ணியதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அளவில்தான் பிழை. அயோடின் கலந்த உப்பு பத்து கிராம் சாப்பிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 150 மைக்ரோகிராம்; சொட்டில் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. அதை நிறுத்தினாலும் உங்கள் சுரப்பி இருப்பில் உள்ள அயோடினை உரித்து உரித்துத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். இந்துப்புக்கு மாறுவதால் உங்கள் டி4 குறையப்போவதில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும், நாளை கருவுற்றால் உங்களுக்கும், அயோடின் பற்றாக்குறைதான் வரும். கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. வழக்கமான உப்பையே வழக்கமான அளவில் பயன்படுத்துங்கள்.

முட்டைகோஸ், மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேட், அயோடைடு நுழையும் அந்தக் கடத்தியில் போட்டியிடுகிறது என்பது சரியே. ஆனால் மிக வலுவற்ற போட்டி. அயோடினே அரிதாக இருந்து, மரவள்ளியே அன்றாட உணவாக இருந்த காங்கோவின் சில பகுதிகளில்தான் அது கழலையாக வெளிப்பட்டது. இந்த வாசலை உண்மையிலேயே அடைக்கக்கூடிய மருந்து பெர்குளோரேட். 1960-களில் சிலருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்ததால் அதன் பயன்பாடு சுருங்கி, இப்போது அமியோடரோன் என்ற இதய மருந்தால் வரும் மிகைச் சுரப்பு போன்ற அரிய நிலைகளில் மட்டும் எடுக்கப்படுகிறது. அந்த மருந்தும் வாசலைத்தான் அடைக்கும். உள்ளே இருக்கும் இருப்பை அதுவும் தொடாது. பொரியலுக்கு முட்டைகோஸ் வாங்குங்கள், சிகிச்சைக்கு வேண்டாம்.

இப்போது என்ன செய்வது?

கார்பிமசோலை 30 மில்லிகிராமிலேயே தொடருங்கள். இருப்பு தீர வேண்டியிருக்கும்போது அளவைக் கூட்டுவதால் பெரிய லாபம் இல்லை; பக்கவிளைவு மட்டும் கூடும். ஆறாம் வாரத்தில் ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பாருங்கள். அப்போதும் சரிவு இல்லையென்றால் 40 மில்லிகிராமுக்கு உயர்த்துவதா, அயோடின் வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்பதை உங்கள் மருத்துவர் யோசிப்பார். டி4 இயல்பை நெருங்கியதும் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதைத் தவறவிட்டு, குதிர் காலியான பின்னும் முழு அளவிலேயே இருந்துவிட்டால் இரண்டே மாதத்தில் நீங்கள் குறைச் சுரப்பு நோயாளி ஆகிவிடுவீர்கள். மொத்தச் சிகிச்சை 12 முதல் 18 மாதங்கள்.

இடைப்பட்ட வாரங்களுக்காகத்தான் ப்ரொப்ரனலால். அது நுண்ணறையில் எந்தப் படியையும் தொடுவதில்லை. இதயத்தின் மீதும் நடுக்கத்தின் மீதும் ஹார்மோன் செலுத்தும் ஆட்சியைத் தணிக்கிறது. ஆஸ்துமா இருந்தால் அதைச் சாப்பிடக்கூடாது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லாததால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளணுக்கள் திடீரென மறைந்துபோகும். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே இரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட சளிதான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். எண்ணிக்கை இயல்பாக இருந்தால் மாத்திரையைத் தொடரலாம். வேறாக, அதிக காய்ச்சலோடு இதயத் துடிப்பு மிகவும் ஏறி, வாந்தியோ குழப்பமோ வந்தால் பரிசோதனைக் கூடத்துக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குழந்தைத் திட்டம்

இந்த ஆண்டு என்று வைத்திருந்ததைச் சற்றே தள்ளி வையுங்கள். ஹார்மோன் கட்டுக்குள் வரும்வரை கருத்தடை அவசியம். கட்டுப்படாத மிகைச் சுரப்பில் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் கூடுகின்றன. கார்பிமசோலோ, கரு உருவாகும் ஆறு முதல் பத்தாம் வாரங்களில் உடலில் இருந்தால், உச்சந்தலைத் தோல் குறைபாடு, மூக்கின் பின்துளை அடைப்பு, உணவுக்குழாய் அடைப்பு போன்ற பிறவிக் குறைகளுக்குச் சிறிய அளவில் வாய்ப்பு உண்டு. அதனால் கருத்தரிக்கத் திட்டமிடும்போது ப்ரொப்பைல்தயோயுராசிலுக்கு மாற்றுகிறோம். அதுவும் அதே பெராக்சிடேஸைத்தான் தடுக்கிறது; கூடுதலாக, சுரப்பிக்கு வெளியே டி4 என்பது டி3 ஆக மாறுவதையும் ஓரளவு குறைக்கிறது. பிறவிக் குறை வாய்ப்பு அதில் குறைவு என்றாலும், அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் இப்போதே அதில் தொடங்குவதில்லை.

பல மாதம் மாத்திரையோடு இருக்க மனமில்லை என்றால் நிரந்தரத் தீர்வுகள் இரண்டு. கதிர்வீச்சு அயோடின், அதே சோடியம்-அயோடைடு கடத்தி வழியாகவே செல்லுக்குள் நுழைய வேண்டும். உங்கள் சுரப்பியோ இப்போது சாதாரண அயோடினால் நிறைந்து, அந்தக் கடத்திகளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதமே கொடுத்தால் போதுமான அளவு ஏறாது. அதைப் பெற்ற பின் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக்கூடாது. தூண்டும் எதிர்ப்பொருள்கள் ஓராண்டு வரை உயர்ந்தே இருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் தைராய்டையும் விரட்டலாம். விரைவில் குழந்தை வேண்டும் என்பவருக்கு, டி4 கட்டுப்பட்ட பின், அனுபவமுள்ள அறுவை மருத்துவரிடம் சுரப்பியை அகற்றிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை வேண்டும், குரல்நரம்புக்கும் கால்சியத்துக்கும் சிறு ஆபத்து உண்டு என்பதை அறிந்தே அந்த முடிவுக்கு வர வேண்டும். மருந்திலேயே தொடர்ந்து, குறைந்த அளவில் ஆறு மாதம் நிலையாக இருந்த பின் கருத்தரிப்பதும் பலர் தேர்ந்தெடுக்கும் நல்ல வழியே. எதைத் தேர்ந்தெடுத்தாலும், எதிர்ப்பொருள் அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது மிக உயர்ந்திருந்தால் மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், அறுவைப் பக்கம் தராசு சாயும்.

எதிர்பாராமல் மாதவிடாய் தள்ளிப்போனால், சில நாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே வீட்டிலேயே சோதித்து, ஆம் என்றால் அன்றைக்கே உங்கள் மருத்துவரை அழையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்; நிறுத்துவதா மாற்றுவதா என்பது அன்றைய டி4 அளவைப் பொறுத்தது.